புதன்கிழமை கூடுதலாக விற்றும் ஏழு நாள் சராசரி ஏன் இறங்கியது?

கேள்வி: கல்லூரி பக்கத்தில் பேக்கரி வைத்திருக்கிறேன். தினமும் எத்தனை பப்ஸ் விற்றது என்று எக்செல்லில் எழுதி வருகிறேன். திங்களில் தொடங்கி முதல் வாரம் 92, 81, 99, 90, 121, 128, 61. போன வாரம் 86, 97, 161, 102, 110, 117, 70. இந்த வாரம் வெள்ளி வரை 98, 88, 104, 93, 107. ஏற்ற இறக்கம் அதிகமாக இருக்கிறதே என்று ஏழு நாள் நகரும் சராசரி போட்டேன். இந்தச் செவ்வாயைவிட புதன் அதிகம் விற்றது, ஆனால் சராசரி 106.6-லிருந்து 98.4-க்கு விழுந்துவிட்டது. நான்கு நாளாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஃபார்முலா தப்பா, இல்லை வியாபாரம் விழுகிறதா?

ஃபார்முலா சரியாகத்தான் இருக்கிறது. வியாபாரம் விழுகிறது என்று சொல்லும்படியான எதுவும் இந்த 19 நாள் கணக்கில் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஃபார்முலாவைப் பற்றிக் கேட்டிருந்தாலும், நாளையிலிருந்து மாவைக் குறைக்கலாமா என்பதுதான் மனதில் ஓடுகிற கவலை என்று நினைக்கிறேன். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். உணவுப் பொருள் விநியோகத்தில் பல வருடங்கள் கடை வாரியாக விற்பனைக் கணக்கு பார்த்திருக்கிறேன்; இதே குழப்பத்தில் நானும் ஒருமுறை தப்பு செய்திருக்கிறேன்.

முதலில் புதன்கிழமை. ஏழு நாள் சராசரி என்பது கடைசி ஏழு நாள் விற்பனையைக் கூட்டி ஏழால் வகுப்பது. மறுநாள் ஒரு புது எண் உள்ளே வருகிறது, பழைய எண் ஒன்று வெளியே போகிறது. நடுவில் இருக்கும் ஆறு நாளும் அப்படியே இருக்கின்றன. ஆகவே சராசரி நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு மாறியது என்பதைத் தீர்மானிப்பது இரண்டே எண்கள்: இன்று வந்தது, போன வாரம் இதே கிழமையில் இருந்தது. இரண்டின் வித்தியாசத்தை ஏழால் வகுத்தால் மாற்றம் கிடைத்துவிடும். நேற்று எவ்வளவு விற்றது என்பதற்கு இதில் இடமே இல்லை. இந்தப் புதன் 104 உள்ளே வந்தது, போன புதனின் 161 வெளியே போனது. 57 குறைவு, ஏழால் வகுத்தால் 8.1. சராசரி 106.6-லிருந்து 98.4-க்கு வந்ததற்கு இது ஒன்றுதான் காரணம் (கடைசி தசமத்தில் தெரிகிற சின்ன வித்தியாசம் முழுமையாக்கியதால் வருவது). உங்கள் கண் செவ்வாயின் 88-ஐயும் புதனின் 104-ஐயும் ஒப்பிட்டது. சராசரி ஒப்பிட்டதோ புதனையும் புதனையும்.

இதைத் திருப்பிப் பாருங்கள். போன புதன் அந்த 161 உள்ளே வந்தபோது சராசரி 97.4-லிருந்து 106.3-க்கு ஏறியிருக்கும். அப்புறம் ஏழு நாளைக்கு அது அங்கேயே, 105-க்கும் 108-க்கும் நடுவில் நின்றிருக்கும். எட்டாவது நாள் ஒரேயடியாகக் கீழே வந்திருக்கும். ஒரே ஒரு அசாதாரண நாள் வரைபடத்தில் ஏழு நாள் அகலத்துக்கு ஒரு மேடை கட்டிவிடுகிறது. மேடையின் இடது ஓரத்தில் உண்மையாகவே ஏதோ நடந்தது. வலது ஓரத்தில் கடையில் எதுவும் நடக்கவில்லை, பழைய எண் ஒன்று கணக்கைவிட்டுப் போனது, அவ்வளவுதான். நீங்கள் பார்த்து பயந்தது வலது ஓரத்தை. ஏழு நாள் சராசரி திடீரென்று துள்ளினாலோ விழுந்தாலோ முதலில் ஏழு வரிசை மேலே போய், வெளியே போன எண் என்னவென்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் ஷீட்டில் தேதி A-யிலும் எண்ணிக்கை B-யிலும் இரண்டாம் வரிசையில் தொடங்கினால், இந்தச் செவ்வாயும் புதனும் இப்படி இருக்கும்:

```
C17: =AVERAGE(B11:B17)
C18: =AVERAGE(B12:B18)
```

B11-இல்தான் 161 இருக்கிறது. C17-இல் அது உண்டு, C18-இல் இல்லை.

161 எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கல்லூரியில் ஏதோ நிகழ்ச்சிக்கு ஒரே பில்லில் 60 பப்ஸ் போனது போலத் தெரிகிறது, ஏனென்றால் மற்ற இரண்டு புதன்களும் 99, 104. இது என் ஊகம்தான், பில் புத்தகத்தில் பாருங்கள். அப்படித்தான் என்றால், அந்த 60-ஐ வேறு ஒரு பத்தியில் 'ஆர்டர்' என்று எழுதிவிட்டு கடை விற்பனையை 101 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் வார ஞாயிறு முடிவில் 96.0. அதிலிருந்து நேற்று வெள்ளி வரை வருகிற சராசரிகள் எல்லாமே 95.1-க்கும் 99.4-க்கும் நடுவில் அடங்கிவிடுகின்றன. போன புதன் 97.7, போன ஞாயிறு 97.6, இந்தச் செவ்வாய் 98.0, இந்தப் புதன் 98.4, நேற்று 96.7. மேடையும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆர்டரை அழிக்கச் சொல்லவில்லை, அது உங்கள் வருமானம், வரவில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் 'கடைக்கு வருகிற கூட்டம் கூடுகிறதா, குறைகிறதா' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

அடுத்து, 'நான்கு நாளாக இறங்குகிறது' என்பது. 107.9, 106.6, 98.4, 97.1, 96.7 என்று வரிசையாகப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் இந்த எண்கள் தனித்தனி சாட்சிகள் அல்ல. அடுத்தடுத்த இரண்டு சராசரிகளில் ஏழில் ஆறு நாள் பொது. ஒரே செய்தியைத்தான் கொஞ்சம் கொஞ்சம் மாற்றித் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ரஷ்யப் பொருளியலாளர் ஸ்லட்ஸ்கி 1927-இல் இதை அழகாகக் காட்டினார். லாட்டரியில் விழுந்த எண்களை, அதாவது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்களை எடுத்து, அடுத்தடுத்த எண்களைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டே போனார். பொருளாதாரத்தின் ஏற்றத் தாழ்வு போலவே அலை அலையாக ஒரு கோடு வந்தது. எண்களில் அலை இல்லை, கூட்டிய முறையில் அலை பிறந்தது. உங்கள் கோட்டிலும் நான்கு நாள் இறக்கம், ஐந்து நாள் ஏற்றம் என்று வந்துகொண்டேதான் இருக்கும். அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அப்படியென்றால் எவ்வளவு மாறினால் அது உண்மையான மாற்றம்? இங்கே எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததையும் தோராயமாகத் தெரிந்ததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர்கள் ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாமல் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கினால், எண்ணிக்கை தன் வர்க்கமூலத்தின் அளவுக்கு முன்னே பின்னே போவது சகஜம். இது கணிதம், சந்தேகமில்லை. நாளொன்றுக்கு 100 விற்கிற கடையில் 10 கூடுவதோ குறைவதோ எந்தக் காரணமும் இல்லாமலே நடக்கும். உங்கள் செவ்வாய்களைப் பாருங்கள்: 81, 97, 88. ஒரு வாரத்துக்கு 675 விற்றால் வர்க்கமூலம் 26, நாளுக்குப் பிரித்தால் 4-க்குக் கொஞ்சம் குறைவு. ஏற்ற இறக்கம் 10-லிருந்து 4-ஆகக் குறைவதுதான் இந்தச் சராசரி செய்து தருகிற வேலை. ஒரு வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஆட்டம் இருப்பதால், சராசரியில் 5 வரை வித்தியாசம் வருவது சாதாரணம். 10 வந்தால் கவனிக்க வேண்டும். தோராயம் எங்கே வருகிறதென்றால், உங்கள் கடையில் ஆளுக்கு ஒன்று என்று யாரும் வாங்குவதில்லை. நான்கு பேர் சேர்ந்து வருவார்கள், ஒருவர் ஆறு வாங்குவார். மழை பெய்தால் எல்லோரும் ஒன்றாக வராமல் போவார்கள். அதனால் உண்மையான ஆட்டம் நான் சொன்னதைவிடப் பெரிதாக இருக்கவே வாய்ப்பு. 5, 10 என்பதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதக் கணக்கு சேர்ந்த பிறகு உங்கள் கடைக்கே உரிய அளவு எது என்று எண்களே காட்டிவிடும்.

ஏழு நாள் ஏன், ஐந்தோ பத்தோ ஏன் இல்லை என்று பலர் கேட்பார்கள். உங்கள் விற்பனையின் பெரிய ஏற்ற இறக்கம் கிழமையால் வருவது. வெள்ளி சனி கூடுதல், ஞாயிறு கல்லூரி இல்லாததால் குறைவு. ஏழு நாளை எங்கே தொடங்கி எங்கே முடித்தாலும் அதில் ஒவ்வொரு கிழமையும் ஒரே ஒரு முறைதான் வரும், அதனால் கிழமை வித்தியாசம் தானாகக் கழிந்துவிடும். மூன்று நாள் சராசரி போட்டுப் பாருங்கள்: முதல் வாரம் வியாழன், வெள்ளி, சனிக்கு 113 வரும், அடுத்த ஞாயிறு, திங்கள், செவ்வாய்க்கு 81 வரும். கடையில் எதுவும் மாறவில்லை. பத்து நாள் போட்டால் சில நாள் அதில் ஒரு ஞாயிறு இருக்கும், சில நாள் இரண்டு ஞாயிறு இருக்கும், கோடு தானே ஆடும். நான் செய்த தப்பு இதுதான். 'நாள் கூடினால் கோடு இன்னும் நேராகும்' என்று நினைத்து ஒரு கடைக்குப் பத்து நாள் சராசரி போட்டு, இரண்டு ஞாயிறு சேர்ந்து விழுந்த நேரத்தில் ரொட்டி அனுப்புவதைக் குறைத்தேன். அந்த வெள்ளி, சனி இரண்டு நாளும் மதியத்துக்குள் அலமாரி காலியாகி, கடைக்காரர் போனில் வருத்தப்பட்டார். கோடு இன்னும் நேராக வேண்டுமென்றால் 14 அல்லது 28 போடுங்கள். ஏழின் மடங்காக இருக்கட்டும்.

ஆனால் ஏழு நாள் கழிப்பது கிழமையை மட்டும்தான். மாத ஆரம்பத்தில் கையில் காசு இருப்பது, செமஸ்டர் லீவு, தீபாவளி வாரம் இவையெல்லாம் கோட்டில் அப்படியே தெரியும். தெரியத்தான் வேண்டும். மே மாதம் கல்லூரி மூடியபின் சராசரி இறங்கினால் அதை ஆட்டம் என்று ஒதுக்கக் கூடாது. பண்டிகை வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்து அதே பண்டிகை வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

கடை மூடுகிற நாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரமே அதில் மாட்டுவீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஏதோ காரணத்தால் ஒரு ஞாயிறு கடை திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் எக்செல்லின் AVERAGE அதை விட்டுவிட்டு மீதி ஆறு நாளை ஆறால் வகுக்கும். உங்கள் முதல் வாரத்தில் ஞாயிறை எடுத்துவிட்டால் 611-ஐ ஆறால் வகுத்து 101.8 வரும், குறைந்த நாள் போய்விட்டதால் வியாபாரம் வளர்ந்தது போலத் தெரியும். 0 என்று எழுதினால் ஏழால் வகுத்து 87.3 வரும், வாடிக்கையாளர்கள் ஓடிப்போனது போலத் தெரியும். இரண்டுமே பொய். நான் செய்வது என்னவென்றால், அசல் எண்ணிக்கைப் பத்தியில் 0 என்றே இருக்கட்டும். பக்கத்தில் 'கோட்டுக்கு' என்று இன்னொரு பத்தி வைத்து, அதில் வழக்கமான ஞாயிறு விற்பனையை, உங்களுக்கு 65 போல, போட்டு வேறு நிறம் கொடுங்கள். 161-க்குப் பதில் 101 போடுவதும் இந்தப் பத்தியில்தான். எதை எதற்காக மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள், மூன்று மாதம் கழித்து நினைவிருக்காது. அப்புறம் சராசரியை இப்படிப் போட்டால், எண்ணிக்கை எழுத மறந்த நாள் இருக்கும்போது தப்பான சராசரி வராமல் கட்டம் காலியாக நிற்கும்:

```
=IF(COUNT(C2:C8)=7,AVERAGE(C2:C8),"")
```

இந்த C 'கோட்டுக்கு' என்று வைத்த பத்தி; முன்பு C-யில் இருந்த சராசரி இனி D-யில், எட்டாம் வரிசையிலிருந்து வரும். இன்றைய எண்ணிக்கையைக் கடை மூடிய பிறகுதான் எழுத வேண்டும். மதியம் எழுதிய அரைநாள் எண் கோட்டை இழுத்துவிடும்.

இந்தச் சராசரியின் உண்மையான பலவீனம் தாமதம். எதிரில் ஒரு புதுக் கடை வந்து திங்கள் முதல் உங்கள் வியாபாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 97-லிருந்து 78-க்கு வர வேண்டும். ஆனால் திங்கள் இரவு அது 94 என்றுதான் காட்டும், புதன் இரவு 89. முழுசாக 78 என்று காட்ட அடுத்த ஞாயிறு ஆகும். அதுவரை பழைய நல்ல நாட்கள் உள்ளே இருந்து அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆகவே அவசரமாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சராசரியை விட்டுவிட்டு, கிழமையைக் கிழமையோடு ஒப்பிடுங்கள். திங்கள் 18 குறைவு என்று உடனே தெரியும். ஆனால் செவ்வாய்க்குச் செவ்வாய் 16 வித்தியாசம் சும்மாவே வந்திருக்கிறதே, அதனால் ஒரு நாளை நம்ப முடியாது. தொடர்ந்து மூன்று நாள் ஒவ்வொன்றும் தன் கிழமையைவிட 15, 20 குறைந்தால் நம்பலாம். இந்த மூன்று நாள் தனித்தனி சாட்சிகள்தான், சராசரியின் நான்கு நாள் இறக்கம் போல அல்ல. முடிந்துபோன மாதத்தைத் திரும்பிப் பார்க்கும்போது சராசரியை ஏழாவது நாளுக்கு நேரே எழுதாமல் நடு நாளான நான்காவது நாளுக்கு நேரே எழுதினால், ஏற்ற இறக்கம் நடந்த தேதியிலேயே கோட்டிலும் விழும். அப்போது கடைசி மூன்று நாள் காலியாக நிற்கும், அது பரவாயில்லை.

இனி மாவு. சராசரி 97 என்பதால் தினமும் 97 போடக் கூடாது. ஞாயிறு 30 மீதியாகும், சனிக்கிழமை 25 பேர் இல்லையென்று திரும்புவார்கள். சராசரி சொல்வது கடையின் மட்டம் எங்கே இருக்கிறது என்பதை. ஒரு கிழமைக்கு எத்தனை என்று தெரிய, அந்தக் கிழமை மட்டத்தில் எத்தனை பங்கு என்று பார்த்துப் பெருக்க வேண்டும். உங்கள் ஞாயிறுகள் 61, 70. அந்தந்த வாரச் சராசரி 96.0, ஆர்டர் நீக்கிய பின் 97.6. பங்கு 0.64, 0.72. நடுவில் 0.68 என்று வைத்து 96.7-ஆல் பெருக்கினால் நாளைக்கு 66 வருகிறது. இரண்டே ஞாயிறை வைத்துச் சொல்வதால் இதை நான் அவ்வளவாக நம்பமாட்டேன், எட்டு வாரம் சேர்ந்தால் நம்புவேன். இன்னொன்று, இது முக்கியம்: நீங்கள் எழுதுவது விற்ற எண்ணிக்கை, கேட்ட எண்ணிக்கை அல்ல. வெள்ளி மாலை ஆறு மணிக்கே தீர்ந்துபோய் 110 என்று எழுதியிருந்தால், அன்று உண்மையில் 125 பேர் கேட்டிருக்கலாம். அப்படிப்பட்ட நாட்களை வைத்துச் சராசரி போட்டு, அந்தச் சராசரிப்படி மாவு பிசைந்தால், நீங்களே உங்கள் விற்பனைக்கு ஒரு மூடி போட்டுவிடுகிறீர்கள். கோடு எவ்வளவு நேராக இருந்தாலும் இந்தக் குறை அதில் தெரியாது. அதனால் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பப்ஸ் தீர்ந்த நேரத்தையும் எழுதுங்கள், மீதி இருந்தால் எத்தனை மீதி என்று எழுதுங்கள். இந்த ஒரு பத்தி சராசரியைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும் என்பது என் அனுபவம்.

இப்போதைக்கு மாவைக் குறைக்காதீர்கள். நேற்றோடு முடிந்த ஏழு நாளில் 677 விற்றிருக்கிறது. அடுத்த வெள்ளி இரவு, இன்று சனி முதல் அன்றுவரை ஏழு நாளைக் கூட்டிப் பாருங்கள். ஒரு நாளும் விட்டுப்போகாமல், ஒரே பில்லில் போன பெரிய ஆர்டர்களைக் கழித்துவிட்டு, 640-க்கு மேல் இருந்தால் சாதாரண ஆட்டம்தான். 605-க்குக் கீழே வந்தால் காரணம் தேட ஆரம்பியுங்கள். நடுவில் இருந்தால் என்னால் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, இன்னொரு வாரம் பார்க்க வேண்டும். அந்த 161-இன் பில் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள். ஒரே ஆர்டராக இல்லாமல் அன்று முழுவதும் கூட்டம் வந்துதான் அவ்வளவு விற்றது என்றால், அந்த 60-ஐக் கழித்து நான் போட்ட கணக்கை விட்டுவிட்டு, அன்று அந்தத் தெருவில் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கும்.